எபிசோடுக்குப் பெயரா, வெறும் எண்ணா: முதல் சீரிஸ் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படப்பிடிப்பு முடிந்து, எடிட்டும் ஓரளவு அடங்கிய பிறகுதான் எபிசோடுகளுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை என்பது பலருக்கு உறைக்கிறது. அதுவும் வெளியிடும் தளத்திலிருந்து "எபிசோடு விவரத் தாளை அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்த பிறகு. உடனே குழுவில் கொஞ்சம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் பொறுப்பைத் தள்ளிவிடுவார்கள், அவர் ஒரே இரவில் எல்லாத் தலைப்பையும் எழுதித் தருவார். நான் வேலை பார்த்த ஒரு சீரிஸில் இப்படி எழுதிய தாள் ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தோடு திரும்பி வந்தது. ஒரு முறை தலைப்பு நீளம், இன்னொரு முறை திரையில் இருப்பதும் தாளில் இருப்பதும் வேறு வேறு. அதற்கப்புறம் ஒரு தலைப்பு கதையின் முடிச்சையே அவிழ்க்கிறது என்று வந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எபிசோடு தலைப்பை ஒருவர் இரண்டு தருணங்களில் வாசிக்கிறார். பார்ப்பதற்கு முன்பு, பட்டியலில். பார்த்து முடித்துப் பல நாள் கழித்து, "அந்தச் சண்டை வருமே, அது எந்த எபிசோடு?" என்று தேடும்போது இன்னொரு முறை. முதல் வாசிப்பில் தலைப்பு எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. இரண்டாவது வாசிப்பில் சட்டென்று அடையாளம் காட்ட வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை, அதனால்தான் இந்த வேலை பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தும் இழுத்தடிக்கிறது.

1. பெயரை யோசிக்கும் முன் தாளைத் திறந்து வையுங்கள்

ஒரு விரிதாளில் எபிசோடுக்கு ஒரு வரிசை. முதல் நெடுவரிசையில் தயாரிப்பு எண், அதாவது நீங்கள் படம்பிடித்த கணக்கில் வரும் எண். அடுத்து சீசன் எண், எபிசோடு எண். தயாரிப்பு எண்ணையும் எபிசோடு எண்ணையும் ஒன்றாக்காதீர்கள். எடிட்டில் மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறினால் எபிசோடு எண் மாறும், தயாரிப்பு எண் மாறாது. எந்தக் கோப்பு எந்தக் கதை என்று அப்போது சண்டை வராமல் காப்பது அந்த மாறாத எண்தான்.

பிறகு வேலைத் தலைப்பு, இறுதித் தலைப்பு, ஒரு வரிச் சுருக்கம், மொழிவாரியாக மொழிபெயர்ப்புத் தலைப்பு. இவை எல்லாத் தாளிலும் இருக்கும். இவற்றோடு நீங்களாகவே ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள்: தலைப்பில் சொல்லப்படும் பொருளோ ஆளோ எபிசோடில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது? இதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் ஐந்தாவது படியில் இது இல்லாமல் வேலை நடக்காது.

கோப்புப் பெயரில் தலைப்பை நுழைக்காதீர்கள். தலைப்பு மாறும், கோப்புப் பெயர் மாறக் கூடாது. எண்ணுக்கு முன் பூஜ்ஜியம் கட்டாயம். அது இல்லாவிட்டால் எழுத்து வரிசைப்படி அடுக்கும் இடங்களில் ஒன்றுக்கு அடுத்து பத்தாவது எபிசோடு வந்து நிற்கும்.

```
S01E04_PC104_v03.mov
```

இதில் முதல் பகுதி சீசனும் எபிசோடும், நடுவில் இருப்பது தயாரிப்பு எண், கடைசியில் எத்தனையாவது வடிவம் என்பது.

2. எண் போதுமா என்று முதலில் கேளுங்கள்

எண் மட்டும் போடுவது சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. பல நேரம் அதுதான் சரியான முடிவு. மொத்த சீரிஸும் ஒரே நீண்ட கதை, எந்த எபிசோடையும் தனியாக எடுத்துப் பார்க்க முடியாது என்றால், தலைப்பு அதிகமாகச் செய்யக்கூடியது காட்டிக்கொடுப்பது ஒன்றுதான். 'பிராட்சர்ச்' போன்ற கொலை விசாரணைத் தொடர்கள் வெறும் எபிசோடு 1, 2 என்று போவதில் நியாயம் இருக்கிறது. யார் கொன்றார் என்பதே எட்டு எபிசோடுக்கும் கேள்வி, ஒவ்வொன்றிலும் சந்தேகம் ஆள் மாறுகிறது. எந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தாலும் பார்வையாளர் அதைத் துப்பாகத்தான் வாசிப்பார்.

இன்னொரு காரணம், வெட்டும் முறை மாறுவது. 'மணி ஹெய்ஸ்ட்' 2017இல் ஸ்பெயினின் ஆன்டெனா 3 சேனலில் 15 நீண்ட எபிசோடுகளாக வந்தது, அவற்றுக்குத் தனித்தனித் தலைப்புகளும் இருந்தன. நெட்பிளிக்ஸ் அதையே குறுக்கி 22 எபிசோடுகளாக வெட்டிக்கொண்டது. 15 தலைப்பை 22 துண்டுக்கு எப்படிப் பங்கு போடுவது? அங்கே எண்தான் காட்டப்படுகிறது. உங்கள் சீரிஸும் ஓரிடத்தில் நீளமாகவும் இன்னோரிடத்தில் துண்டு துண்டாகவும் வரப்போகிறது என்று ஒப்பந்தத்தில் இருந்தால், தலைப்புக்கு மெனக்கெடும் முன் அதை ஒரு முறை வாசித்துவிடுங்கள். தினமும் ஒளிபரப்பாகும் தொடர்களுக்குக் காரணம் இன்னும் எளிது. நூற்றுக்கணக்கில் பெயர் வைத்து, அவற்றை மொழிபெயர்த்து, சரிபார்க்க ஆள் இருக்காது.

எண்ணுக்கும் ஒரு பொறி இருக்கிறது. எண் என்றாலே வரிசை, வரிசை கலைந்தால் எண் பொய் சொல்லும். 'ஃபயர்ஃபிளை' 2002இல் ஃபாக்ஸ் சேனலில் வந்தபோது, கதையைத் தொடங்கிவைக்கும் இரண்டு மணி நேர எபிசோடை கடைசியாகத்தான் ஒளிபரப்பினார்கள். முதலில் வந்தது 'தி ட்ரெயின் ஜாப்'. இன்றைக்கும் அதன் ரசிகர்களிடம் "முதல் எபிசோடு" என்று சொன்னால் எது என்று திருப்பிக் கேட்பார்கள். தலைப்புகள் இருந்ததால்தான் குழப்பம் ஒரு கேள்வியோடு தீருகிறது. ஆகவே ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதையாக இருந்து, வரிசை மாற வாய்ப்பிருந்தால் பெயர் வையுங்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு. 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' எபிசோடுகளை அத்தியாயம் என்று எண்ணியது. முதல் சீசன் 13இல் முடிய, இரண்டாவது சீசன் 1இலிருந்து தொடங்காமல் 14இலிருந்து தொடங்கியது. மொத்தமும் ஒரே நாவல் என்ற எண்ணத்தைத் தரும் என்பதால் எனக்குப் பிடித்த முறைதான். ஆனால் தளம் தன் பக்கத்தில் "சீசன் 2, எபிசோடு 1" என்றும் போடும், பக்கத்திலேயே "அத்தியாயம் 14" என்றும் இருக்கும். சப்டைட்டில் செய்பவருக்கு எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்று ஒவ்வொரு மின்னஞ்சலிலும் எழுத வேண்டிவரும்.

3. பெயர்தான் என்றால், ஒரே முறையைப் பிடியுங்கள்

எட்டுத் தலைப்பையும் எட்டு விதமாக வைத்தால் பட்டியல் பலர் கூடி எழுதியதுபோல் இருக்கும். ஒரு முறையை முடிவு செய்துவிட்டால் பாதித் தலைப்பு தானாக வந்துவிடும்.

மிக எளிதான முறை, பார்த்தவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே வைப்பது. 'ஃபிரெண்ட்ஸ்' இதைத்தான் செய்தது. ஏறக்குறைய எல்லாத் தலைப்பும் "இன்னது நடக்குமே, அந்த எபிசோடு" என்ற வடிவில்தான் இருக்கும். அந்தத் தலைப்புகள் திரையில் காட்டப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பார்ப்பதற்கு முன் பெரும்பாலானோர் கண்ணில் படாத தலைப்பு வெளிப்படையாக இருக்கலாம். இன்றைய தளங்களில் பட்டியல்தான் முதல் பக்கம். அதே வெளிப்படைத்தன்மை உங்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

'சைன்ஃபெல்ட்' வேறு வழியில் போனது. பெரும்பாலும் ஒரு பொருள், ஓர் இடம், அவ்வளவுதான். சீன உணவகத்தில் மேசை காலியாகும் வரை காத்திருப்பதே முழுக் கதையாக இருக்கும் எபிசோடுக்கு 'தி சைனீஸ் ரெஸ்டாரண்ட்' என்று பெயர். வாசித்தால் ஒன்றும் தெரியாது, பார்த்தவருக்கு மறக்காது. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இந்த முறையைத்தான்.

ஜாலம் காட்டும் முறைகளும் உண்டு. 'தி குட் வைஃப்' முதல் சீசனில் ஒரு சொல், இரண்டாவதில் இரண்டு சொல் என நான்கு வரை ஏறி, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கியது. ஏழு சீசன் கிடைத்ததால் அது நிறைவேறியது. மூன்றாவது சீசனோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரியாத பாதி விளையாட்டாகப் போயிருக்கும். 'பிரேக்கிங் பேட்' இரண்டாவது சீசனில் நான்கு எபிசோடுகளின் தலைப்புகளைக் கோத்து வாசித்தால் 'செவன் தர்ட்டி-செவன் டவுன் ஓவர் ஏபிக்யூ' என்று வரும். அல்புகர்க்கி நகரத்தின் மேல் ஒரு 737 விமானம் விழப்போகிறது என்பதுதான் அது. நான்கும் அடுத்தடுத்து வராமல் 1, 4, 10, 13ஆவது இடங்களில் சிதறிக் கிடந்ததால் முன்கூட்டிப் பிடிப்பது கடினம். இப்படிச் செய்ய மொத்த சீசனும் எழுதி முடிந்து, வரிசை இனி மாறாது என்ற உறுதி வேண்டும். முதல் சீரிஸில் அந்த உறுதி உங்களுக்குக் கிடைக்காது.

4. சிலேடைக்கு ஆசை வந்தால்

வரும். தமிழில் எழுதுபவருக்கு வராமல் இருக்காது. திங்கள், மாலை, படி, அடி என்று இரட்டைப் பொருள் சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இரண்டு பொருளும் எபிசோடுக்குள் நடந்தாக வேண்டும். திங்கட்கிழமை நடக்கிறது, இரவில் நிலா தெரிகிறது என்பதற்காக 'திங்கள்' என்று வைத்தால் அது ஒட்டவைத்தது. நிலாவுக்குக் கதையில் வேலை இல்லை. கடைசி எபிசோடில் ஒரு கேள்விக்குப் பதிலும் கிடைக்கிறது, ஒருவர் நிரந்தரமாகப் புறப்பட்டும் போகிறார் என்றால் 'விடை' சரியான தலைப்பு. பார்ப்பதற்கு முன் ஒரு பொருள்தான் தோன்றும், பார்த்த பிறகு இரண்டாவது பொருள் தானாக வந்து சேரும்.

மொழிபெயர்ப்பில் இது நிற்காது என்பதை முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள். வேறு மொழியில் பதிலா, பிரிவா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும். தாளில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்: "இரண்டு பொருள் உண்டு, ஒன்றைத்தான் வைக்க முடியுமென்றால் பதில் என்பதை வையுங்கள், பிரிவு என்பது கதையைச் சொல்லிவிடும்." இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அகராதியைப் பார்த்து அவர் எதை எடுத்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, சோகமான எபிசோடுக்குச் சொல்விளையாட்டு வேண்டாம். சாவு நடக்கும் எபிசோடின் மேல் சிலேடை உட்கார்ந்திருந்தால், பார்த்து முடித்தவர் பட்டியலுக்குத் திரும்பும்போது முகம் சுளிப்பார்.

5. எல்லாத் தலைப்பையும் பட்டியலாக வாசித்துப் பாருங்கள்

தலைப்புகளைத் தனித்தனியாகத்தான் யோசிக்கிறோம், பார்வையாளர் ஒரே பட்டியலாக வாசிக்கிறார். பெரும்பாலான விபத்து இங்கேதான். ஒரு கற்பனைக் கதையை வைத்துக் காட்டுகிறேன். ஆறு எபிசோடு. தம்பி ஒருநாள் வீடு திரும்பவில்லை, அக்கா தேடுகிறாள். இரண்டாவதில் தம்பி அறையில் இன்னொரு போன் கிடைக்கிறது. மூன்றாவதில் கடன் கொடுத்தவர் வாசலுக்கு வருகிறார். நான்காவதில், தம்பி போனது அப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளிப்படுகிறது. ஐந்தாவதில் ஒரு பேருந்தில் தம்பியை உயிரோடு பார்க்கிறாள். ஆறாவதில் அவன் ஏன் போனான் என்று தெரிகிறது, அவன் மறுபடியும் போகிறான்.

ஒரே இரவில் எழுதிய முதல் பட்டியல் இப்படித்தான் இருக்கும்: காணாமல் போனவன், இரண்டாவது போன், கடன்காரர், அப்பாவுக்குத் தெரியும், திரும்பி வந்தவன், விடை.

முதலாவதையும் ஐந்தாவதையும் சேர்த்து வாசியுங்கள். காணாமல் போனவன், திரும்பி வந்தவன். நான்கு எபிசோடு முழுக்க அவன் உயிரோடு இருக்கிறானா என்ற கேள்வியில்தான் பார்வையாளரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். 'ப்ளே' பொத்தானை அழுத்துமுன்பே அந்தக் கேள்வி போய்விட்டது. நான்காவது தலைப்பு அதைவிட மோசம், முடிச்சையே வாக்கியமாக எழுதியிருக்கிறது.

இங்கேதான் நிமிடக் கணக்கு நெடுவரிசை உதவும். தலைப்பில் உள்ள விஷயம் எபிசோடின் முதல் கால்பகுதிக்குள் வந்துவிட்டால் வெளிப்படையாக வைக்கலாம். இரண்டாவது போன் ஆறாவது நிமிடத்தில் கிடைக்கிறது, ஆகவே 'இரண்டாவது போன்' நிற்கட்டும். அப்பாவின் ரகசியம் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் வருகிறது. அதைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, அது நடக்கும் இடத்தைப் போடுங்கள்: 'சாப்பாட்டு மேசை'. ஐந்தாவதில் ஆளை எடுத்துவிட்டுப் பேருந்தின் தட எண்ணைப் போடுங்கள்: '23'. நடந்ததன் விளைவைச் சொல்லாமல், நடந்த இடத்தையோ கையில் இருந்த பொருளையோ சொல்வதுதான் சூத்திரம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மூன்றாவது சீசனில் திருமணக் கொலை நடக்கும் எபிசோடுக்கு, அங்கே இசைக்கப்படும் பாட்டின் பெயரைத்தான் வைத்தார்கள்: 'தி ரெய்ன்ஸ் ஆஃப் காஸ்டமியர்'. திருமணம் என்ற சொல்கூடத் தலைப்பில் இல்லை.

முதல் எபிசோடு மிச்சம். 'காணாமல் போனவன்' எதையும் கெடுக்கவில்லை, ஆனால் சீரிஸின் ஒரு வரிச் சுருக்கத்தையே திரும்பச் சொல்கிறது. தம்பியின் தட்டு மூடியபடியே இருப்பதுதான் அந்த எபிசோடின் காட்சி என்றால் 'மூடி வைத்த தட்டு' என்று வைக்கலாம். ஆனால் நான்காவதில் சாப்பாட்டு மேசை வருகிறதே, இரண்டும் ஒரே வாடை. நான் இருந்தால் 'பதினொன்றரை' என்று, அவன் வராதது முதலில் உறைக்கும் நேரத்தைப் போடுவேன்.

புதிய பட்டியல்: பதினொன்றரை, இரண்டாவது போன், கடன்காரர், சாப்பாட்டு மேசை, 23, விடை. இதைக் கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு பார்த்து முடித்த இன்னொருவரிடம் கொடுத்து, அப்பா மாட்டிக்கொள்ளும் எபிசோடைக் காட்டச் சொல்லுங்கள். முதல் ஆள் திணற வேண்டும், இரண்டாம் ஆள் தயங்கக் கூடாது. '23' என்பதைப் பட்டியலில் எபிசோடு எண் என்று யாராவது குழப்பிக்கொண்டால் '23ஆம் எண் பேருந்து' என்று நீட்டிக்கொள்ளுங்கள். நான் நீட்டித்தான் வைப்பேன்.

6. எழுத்து எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள்

தலைப்புக்கு இத்தனை எழுத்துதான் என்று தளம் வரம்பு சொல்லியிருக்கும். நம் கணக்கும் கணினியின் கணக்கும் வேறு. 'சாப்பாட்டு மேசை' என்பதில் நம் கணக்கில் ஏழு எழுத்தும் ஓர் இடைவெளியும்தான். கணினி மெய்யையும் அதன் குறியையும் தனித்தனியாக எண்ணும், ஆக மொத்தம் 15 வரும். விரிதாளில் `LEN` போட்டுப் பார்த்தால் தெரியும். வரம்புக்குள் அடங்குவது ஒன்று, கைபேசித் திரையில் பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைக்காமல் தெரிவது இன்னொன்று. இரண்டையும் பார்க்க வேண்டும்.

இதைவிடக் குழப்பமான ஒன்று: 'போன்' என்பதில் உள்ள 'போ'வை, ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், முன்னால் ஒரு குறி பின்னால் ஒரு குறி என இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு ஒன்று நான்கு, மற்றது ஐந்து. ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் அவற்றை வேறு வேறு தலைப்பு என்று திருப்பி அனுப்பலாம், தேடலிலும் சிக்காமல் போகலாம். பைத்தானில் இப்படிச் சரிசெய்துவிடலாம், t என்பதில் உங்கள் தலைப்பு ஏற்கெனவே இருக்க வேண்டும்.

```
import unicodedata
t = unicodedata.normalize("NFC", t)
```

நிரல் தெரியாதவர் தலைப்பை ஒரே இடத்தில் ஒரு முறை தட்டி, மற்ற எல்லா இடத்துக்கும் அதையே நகலெடுத்து ஒட்டினால் போதும். போனா, ஃபோனா என்ற சண்டையும் அதிலேயே தீர்ந்துவிடும்.

7. எப்போது முடிவு செய்வது, மாற்றினால் என்ன செலவு

படத்தொகுப்பு பூட்டப்படும் வரை, அதாவது இனி எடிட்டைத் தொடுவதில்லை என்று முடிவாகும் வரை, வேலைத் தலைப்பில் இருங்கள். பூட்டிய அன்று வரிசை உறுதியாகிறது, நிமிடக் கணக்கும் உறுதியாகிறது. அந்த வாரத்துக்குள் இறுதித் தலைப்பை முடித்து, ஒருவர் கையெழுத்தோடு தாளை மூடுங்கள். கையெழுத்து யாருடையது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள். எழுத்தாளர், இயக்குநர், தயாரிப்பாளர் மூவரும் ஆளுக்கொரு தலைப்பை மனதில் வைத்திருப்பார்கள்.

அதற்கு முன் மாற்றினால் செலவு ஒரு கட்டத்தை அழித்து எழுதுவதுதான். தலைப்பு திரையில் வரும் சீரிஸில் பூட்டிய பிறகு மாற்றினால், டைட்டில் கார்டை மறுபடி செய்து, அந்த எபிசோடை மறுபடி ஏற்றுமதி செய்து, முழுவதும் ஓடவிட்டுத் தரம் பார்க்க வேண்டும். திரையில் வரும் எழுத்துக்கும் சப்டைட்டில் உண்டு என்பதால் ஒவ்வொரு மொழிக் கோப்பிலும் அந்த ஒரு வரியைத் திருத்தி அனுப்ப வேண்டும். மொழிபெயர்ப்பாளர் திருத்தத்துக்குத் தனியாகக் கட்டணம் கேட்பார், கேட்பது நியாயமும்கூட. கையில் பணம் குறைவு என்றால் தலைப்பைத் திரையில் போடாமல் பட்டியலில் மட்டும் விட்டுவிடுங்கள். பிறகு எது மாறினாலும் தாளோடு போய்விடும்.

வேலைத் தலைப்பிலும் கவனம் தேவை. படப்பிடிப்பு அட்டவணை பலர் கைக்குப் போகும், யாராவது படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். 'தம்பி திரும்புகிறான்' என்று அதில் எழுதியிருந்தால், நீங்கள் ஐந்தாவது எபிசோடுக்கு எவ்வளவு அடக்கமாகப் பெயர் வைத்தும் பயனில்லை. அட்டவணையில் தயாரிப்பு எண் மட்டும் போதும்.

வெளியான பிறகு தலைப்பை மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள். எழுத்துப்பிழை என்றால் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் தாள், டைட்டில் கார்டு, சப்டைட்டில் கோப்புகள் மூன்றும் ஒரே நாளில் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தாளை மட்டும் திருத்தி அனுப்பினால், திரையில் ஒன்று, பட்டியலில் ஒன்று என்று தளத்தின் தரப் பரிசோதனையிலிருந்து அடுத்த மின்னஞ்சல் வரும்.